ஏழு, இடமிருந்து வலம்

குருவிடம் சண்டை போட வரும் சீடர்கள் குறைவு. ஜெனோவா அதற்காகத்தான் வந்தாள். தோளில் நாலு மாதப் பிள்ளை, கையில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்.

அந்தப் பேப்பரில் வாராவாரம் குறுக்கெழுத்துப் புதிர் அமைப்பவள் மரகதவல்லி. ஜெனோவாவைவிட மூன்று வயதுதான் மூத்தவள். ஆனாலும் புதிர் அமைக்க அவளிடம் பழகிக்கொண்டிருந்ததால், ஜெனோவாவுக்கு அவள் டீச்சர்.

"ஏழு, இடமிருந்து வலம். நீங்களே வாசிங்க."

"பச்சைப் பிள்ளையின் நாக்கில் தொட்டுவைக்க ஏற்ற இனிப்பு. இரண்டு எழுத்து."

"விடை?"

"தேன்."

"ஒரு வயசு ஆகாத பிள்ளைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது டீச்சர்! அதுல கிருமி இருந்தா பிள்ளை குடல்ல விஷமாயிரும், மூச்சே நின்னுரலாம். ஊசி போடப் போனப்ப டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நீங்க அதைக் கொண்டுபோய்க் கட்டத்துல போட்டிருக்கீங்க!"

மரகதவல்லியின் முகம் வெளுத்தது.

"எனக்குத் தெரியாது ஜெனோவா. எங்க வீட்டுல எல்லாப் பிள்ளைக்கும் வச்சாங்க. அதையே எழுதிட்டேன்."

"உங்களுக்குத் தெரியாது. எங்க மாமிக்கு எல்லாம் தெரியும்!"

ஜெனோவாவின் மாமியார் சலேத்தம்மாள் ஞாயிறு தவறாமல் கட்டம் நிரப்புகிறவள். ஏழாம் கட்டத்தை நிரப்பிய கையோடு தேன் பாட்டிலை எடுத்துவிட்டாள். "பேப்பர்லயே போட்டிருக்கான். டாக்டர் சொன்னாளாம் டாக்டர்! என் மகனுக்கு நான் வைக்கலையா, அவன் மலை மாதிரி நிக்கலையா?" பிள்ளையை வாரிக்கொண்டு ஓடிய மருமகளிடம் கடைசியில் ஒரு தவணை கொடுத்திருந்தாள். "வர்ற ஞாயிறு விடை வரட்டும். தேன்னு வந்தா வைப்பேன். அப்புறம் நீ குறுக்க வரக் கூடாது."

பேப்பர் ஆபீசுக்குப் போன் செய்தால், "புதிர்தானேம்மா, இதுக்குப் போயி..." என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள்.

"அதான் ஆசிரியருக்குக் கடிதம் எழுதிட்டேன். பாருங்க."

மரகதவல்லி வாசித்தாள். "...ஏழாம் குறிப்பில் அச்சுப்பிழை நேர்ந்திருக்கலாம். விடையைப் 'பால்' என்று திருத்தி வெளியிடவும். இப்படிக்கு, ஒரு வாசகி."

"பாலும் ரெண்டு எழுத்துதானே? கட்டம் சரியா இருக்கும்" என்றாள் ஜெனோவா.

மரகதவல்லி பென்சிலை எடுத்தாள். பேப்பரிலிருந்த கட்டத்தில் ஏழில் 'பா' எழுதினாள். பக்கத்துக் கட்டத்தில் 'ல்'. மற்ற விடைகளையும் நிரப்பினாள்.

"ஏழு, மேலிருந்து கீழ். ஓட்டுப் போடும் திருவிழா. படி."

"பா... ர்... தல்." ஜெனோவா விழித்தாள். "தேர்தல்."

"நாலு, மேலிருந்து கீழ். பகலில் காய்பவன். உன் 'ல்'லுலதான் முடியுது."

"சூரியல்."

பிள்ளை சிணுங்கியது. ஜெனோவாவுக்கு அழுகை முட்டியது.

"அப்ப தேன்னேதான் வருமா? மாமி வச்சிருவாங்களே டீச்சர்!"

"விடையில குத்தமில்லை. குறிப்புலதான். வேற குறிப்பு சொல்லு."

ஜெனோவா மூக்கை உறிஞ்சிக்கொண்டே யோசித்தாள். "பூவில் எடுத்து அடையில் சேர்ப்பது."

"எழுது. பழைய குறிப்பு ஏன் தப்புன்னும் எழுது, டாக்டரம்மா சொன்னபடியே. விடைக்கு மேலயே, கண்ணுல படுற மாதிரி போடணும்னு கேளு."

"நீங்களே ஒரு போன் பண்ணிச் சொல்லிரலாமே?"

"பண்ணுவேன். நான் மட்டும் சொன்னா அடுத்த புதிர்ல கவனமா இருக்கச் சொல்லிட்டு விட்டுருவாங்க. இது வீடு வீடாப் போயிருச்சே."

மரகதவல்லி கடிதத்தில் 'அச்சுப்பிழை' என்ற சொல்லை அடித்தாள்.

"அச்சுக்காரன் சரியாத்தான் அடிச்சான். யாரைக் காப்பாத்துற?"

ஜெனோவா தலை குனிந்தாள். 'ஒரு வாசகி'யை அடித்துவிட்டுத் தன் பெயரையும் முகவரியையும் எழுதினாள். அதன் கீழே மரகதவல்லி ஒரு வரி சேர்த்தாள்: 'இவர் சொல்வது சரி. குறிப்பு என்னுடையது, பிழையும் என்னுடையது.' கையெழுத்துப் போட்டாள். விடைப் பக்கம் அச்சுக்குப் போகும் முன்னால் இருவரும் நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

ஞாயிறு வந்தது. விடைக்கு மேலே, கறுப்புக் கோடு கட்டி, கடிதம்.

அதற்கடுத்த நாள் ஜெனோவா வந்தாள். பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. மரகதவல்லி அடுத்த புதிருக்குக் கட்டங்களைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமி ரெண்டு தரம் வாசிச்சாங்க டீச்சர். பாட்டிலைப் பரண்ல ஏத்திட்டாங்க."

"நல்லது."

"ஆனா உங்க மேல ஒரே கோபம். 'பேப்பர்ல எழுதுறவளுக்கே தெரியலையே, இனி இவ புதிரை நான் எப்படி நம்புறது'ன்னு நேத்துக் காலையிலருந்து திட்டு. எனக்குத்தான் பொறுக்கலை. அவங்ககிட்ட என்ன சொல்ல?"

மரகதவல்லி தலை நிமிரவில்லை.

"நம்பாமலே நிரப்பச் சொல்லு."