வேர்ப்பொந்து வழியே போன தேன்

செம்பி என்ற கீரிக்குப் பால் வற்றிப்போயிற்று. குட்டிகள் சப்பிப் பார்த்துவிட்டு அழுதன. பிறகு அழுவதையும் நிறுத்திவிட்டன. அதைப் பார்த்துத்தான் அவளுக்குக் குலை நடுங்கியது.

காடு முழுக்கக் காய்ந்து கிடந்தது. மிச்சமிருந்தது ஒரே ஒரு பாறைச்சுனை. அதன் வாயை அடைத்துக்கொண்டு ஒரு கரடி படுத்திருந்தது. பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த கதைப் பைத்தியம்! அதிலும் திருட்டுக் கதை என்றால் உயிர்.

"எனக்கு ஒரு திருட்டுக் கதை சொல்லு. முடிவை நான் கண்டுபிடிச்சிடக் கூடாது. என்னை ஏமாத்தவும் கூடாது. ஜெயிச்சா நீயும் உன் குட்டிகளும் மழை வர்ற வரைக்கும் குடிக்கலாம்!" என்று கரடி எல்லோரிடமும் சொல்லியிருந்தது.

நரி போய்ச் சொல்லிப் பார்த்தது. மாட்டிக்கொண்ட திருடர்களைக் கடைசியில் ஒரு கழுகு வந்து தூக்கிக்கொண்டு போனதாக முடித்தது.

"இந்தக் கழுகு எங்கேயிருந்துடா வந்துச்சு? அதுவரைக்கும் ஒரு இறகையாவது காட்டினியா?" என்று கரடி ஓங்கி ஓர் அறை விட்டது. நரி இன்னும் நொண்டுகிறது.

பாறைக்குப் பின்னால், புதருக்குள், இச்சிமரத்தின் வேர் கல்லைப் பிளந்துகொண்டு போன இடத்தில் ஒரு பொந்து இருந்தது. சுனைத் தண்ணீர் அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கசியும். வெள்ளெலிகள் அதை நக்கித்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. கரடிக்கு அது தெரியாது. செம்பியின் குட்டிகளைப் பார்த்து மனசு கேட்காமல், மொச்சை என்ற எலி அங்கே நக்குகிற வரிசையில் அவளுக்கும் ஒரு முறை ஒதுக்கியது.

"எங்கள்ல ஒருத்தரும் உங்க வாய்க்குள்ள போகக் கூடாது. இந்த இடமும் உங்க வாயிலேருந்து வெளிய வரக் கூடாது. சரியாக்கா?"

"சத்தியம்டா தம்பி!"

ஆனால் நாக்கு நனையும் அளவுத் தண்ணீரில் பால் எங்கே சுரக்கும்? கதைதான் வழி என்று செம்பி முடிவுகட்டினாள். மொச்சையும் கூட உட்கார்ந்தது.

"எதைத் திருடறோம்கிறது முதல்ல தெரியணும்," என்றாள் செம்பி. "புலியோட குகையில, உயரமான மாடத்துல, ஒரு தேனடை."

"தடை என்னென்ன?"

"வாசல்ல புலி. நடுவுல ஏற முடியாத வழவழப்புச் சுவர். பின்பக்கம் கெட்டி மண்ணு. ஒவ்வொரு தடைக்கும் ஒரு கைகாரர். புலியை ஏமாத்த, எந்தக் குரலும் பேசற மைனா. சுவர் ஏறக் குரங்கு. மண்ணைத் தோண்ட முள்ளம்பன்றி. ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் செய்ய முடியாது. வேலை இல்லாத ஆள் கதையில வேண்டாம்."

"அப்ப திட்டத்தை முழுசாச் சொல்லிடலாமா?"

"சொல்லணும். ஆனா சொன்ன திட்டம் நடக்கவே கூடாதுடா. சொன்னபடியே நடந்தா கரடி தூங்கிடும். சொன்னது கண்ணு முன்னால உடையணும். சொல்லாத இன்னொரு திட்டம் உள்ளே ஓடிக்கிட்டே இருக்கணும்."

"அது எப்படி உடையும்?"

"மைனா தற்பெருமைக்காரின்னு முன்னாலேயே காட்டிடுவேன். அவ குரல் பிசகினா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

மொச்சைக்குச் சிரிப்பு வந்தது. பாவம், சிரிக்கக்கூடத் தெம்பில்லை. "சொல்லாத திட்டம் என்னக்கா?"

அங்கேதான் செம்பிக்கு இடித்தது. தேன் வெளியே போக ஒரு வழி வேண்டும். அந்த வழியின் அடையாளத்தை முன்கூட்டியே, வேறு ஏதோ சொல்வதுபோல, கரடியின் மூக்குக்கு நேராக வைக்கவும் வேண்டும். யோசித்து யோசித்துத் தலை வலித்தது. மொச்சை தன் முறைக்குத் தண்ணீர் நக்கப் போய்விட்டது. ஒரு குட்டியின் கண் செருகியது. செம்பி பதறி எழுந்தாள். தனக்குத் தெரிந்த ஒரு வழியைக் கதைக்குள் செருகிக்கொண்டு ஓடினாள்.

கரடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. திருடர்கள் புலியின் பாறையைச் சுற்றிப் பார்த்தார்கள். பின்பக்கம் ஒரு மரவேர், அதன் மேல் எறும்புச் சாரை. முள்ளம்பன்றி தோண்டப் போய், "மண்ணு கல்லாட்டம் இருக்கு, குகைக்குள்ள போக முடியாது" என்று ஒரு முள்ளைத் தொலைத்துவிட்டுத் திரும்பியது. தன்னைப்போல யாருக்கு வரும் என்று பீற்றிக்கொண்டே மைனா பெண்புலிபோலக் கூப்பிட்டாள். பாதியில் குரல் உடைந்தது! புலி சந்தேகப்பட்டு வாசலிலேயே உறுமிக்கொண்டு நின்றது. புலி குரல் வந்த பக்கம் திரும்பிய நேரத்தில் உள்ளே நுழைந்திருந்த குரங்கு, அடையோடு இறங்கி வசமாக மாட்டிக்கொண்டது. புலி அடையைப் பிடுங்கியது. குரங்கு பிசுக்கில்லாத வெறுங்கையை உதறிவிட்டு மரத்தில் தாவிவிட்டது.

"தோத்துட்டாங்க!" என்றது கரடி.

"இல்லீங்கண்ணே. புலி அடையைக் கடிச்சுது. வெறும் மெழுகு!"

"என்னது?"

"முள்ளம்பன்றி குகைக்குள்ள போகத் தோண்டலை. எறும்பு போயிட்டிருந்த வேர் விரிசல் வழியா முள்ளை விட்டு, மேலே இருந்த அடையோட அடியைக் குத்திடுச்சு. தேன் வேர்வழியா வழிஞ்சு வெளியே சுரைக்குடுக்கையில இறங்கிடுச்சு. அது இறங்கி முடியற வரைக்கும் புலி பின்பக்கம் வரக் கூடாது. அதுக்குத்தான் மைனா வேணும்னே குரலை உடைச்சா. குரங்கு மாட்டினதும் அதுக்குத்தான்."

கரடி எழுந்து உட்கார்ந்தது. ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தடவிப் பார்த்தது. "எறும்பைச் சொன்னே. முள்ளு தொலைஞ்சதைச் சொன்னே. தேனடையைத் தொட்ட குரங்கோட கை ஒட்டலைன்னும் காட்டினே. அடடா! எல்லாம் என் கண்ணு முன்னாலேயே இருந்துச்சு. நான்தான் விட்டுட்டேன். நியாயமா ஜெயிச்சே. போய்க் குடி!"

செம்பி குடித்தாள். வயிறு வலிக்கக் குடித்தாள். குட்டிகளைத் தூக்கி வந்து ஒவ்வொன்றின் வாயிலும் ஈரத்தைத் தடவினாள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

கரடி மட்டும் இன்னும் கதைக்குள்ளேயே இருந்தது. நல்ல கதை கேட்டவர்கள் அப்படித்தான், சும்மா விட மாட்டார்கள். "பாறைக்குள்ள வேர்வழியாத் தேன் இறங்கும்னா, தண்ணியும் இறங்குமே?" என்று முணுமுணுத்தபடி எழுந்து பின்பக்கம் போனது.

செம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. "அண்ணே, அது வெறும் கதை!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

புதருக்குள் வேர் இருந்தது. ஈர மண் இருந்தது. கரடி களிமண்ணை அள்ளி அப்பி, செம்பியால் அசைக்க முடியாத ஒரு கல்லை உருட்டிப் பொந்தை அடைத்தது. எலிகள் நாலாபக்கமும் சிதறின.

"அவங்களும் குடிக்கட்டும் அண்ணே! உங்க காலைப் பிடிக்கிறேன்!"

"அவங்க கதை சொல்லலையே," என்றது கரடி. அதற்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அதன்பிறகு செம்பி வாய் நிறையத் தண்ணீரை எடுத்துக்கொண்டு பொந்துக்கு ஓடினாள், திரும்பி ஓடினாள். எத்தனை தடவை ஓடினால்தான் என்ன? கொதிக்கிற பாறையில் பாதி சிந்தியது. கீரி வாயைத் திறந்ததைப் பார்த்த மாத்திரத்தில் குஞ்செலிகள் பயந்து ஒளிந்தன. தைரியமாகக் குடித்த சிலதுகளுக்கும் அது போதவில்லை. ஒவ்வொன்றாகச் சுருண்டன.

மொச்சை காய்ந்த களிமண்ணில் நாக்கை வைத்தபடி கிடந்தது. செம்பி அதன் வாயில் தண்ணீரை விட்டாள். அது கடைவாய் வழியே வழிந்து போயிற்று.

"குட்டிங்க பொழைச்சுதாக்கா?" என்று கேட்டது மொச்சை.

"பொழைச்சுதுடா தம்பி."

"கதை நல்லா வந்துச்சா?"

செம்பி வாயைத் திறப்பதற்குள் மொச்சையின் கண் நிலைகுத்தி நின்றுவிட்டது. பக்கத்தில் குட்டிகள் பால் கேட்டு முட்டின. பால் நன்றாகச் சுரந்தது. அவள் படுத்துக் கொடுத்தாள், அழுதுகொண்டே கொடுத்தாள்.

எவ்வளவு திறமையாகச் சொன்னாலும், நம்மை நம்பி ஒருவர் காட்டிய ரகசியத்தை நம் கதைக்குச் சரக்காக்கினால், ஜெயிப்பது நாமாகவும் சாவது அவராகவும் முடியும்.