மகாராஜாவின் வயிறு சொன்ன தீர்ப்பு

மலையடிவாரத்தில் சின்ன ராஜ்யம் ஒன்று. அதை ஆண்டவர் கொழுந்துராயர். ராஜ்யம் சின்னது என்றாலும் குரல் மட்டும் ஒரு பேரரசருக்குப் போதும்.

ஒருமுறை எல்லைச் சண்டையில் அவருடைய வீரர்கள் இருபது பேர் வெட்டுக்காயத்தோடு திரும்பினார்கள். பத்துப் பேரை அரண்மனை வைத்தியர் அழகப்பர் பார்த்துக்கொண்டார். மீதிப் பத்துப் பேர் பூவாயி என்ற மருத்துவச்சியின் கொட்டகைக்குப் போனார்கள்.

எட்டாம் நாள் காலை, வயிறு நிறைய நெய்ப்பொங்கல் சாப்பிட்டுவிட்டு மகாராஜா வீரர்களுக்கு ஆறுதல் சொல்லக் கிளம்பினார். அழகப்பரின் கொட்டகையில் சந்தனமும் பன்னீரும் கமகமத்தன. மகாராஜாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது; எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. அடுத்து பூவாயியின் கொட்டகைக்குள் நுழைந்தார். அங்கே அவள் ஒரு வீரனின் காலில் இருந்த துணிக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். புண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் நெளிந்தன.

நெய்ப்பொங்கல் வந்த வழியே திரும்பிவிட்டது.

வாயைத் துடைத்த கையோடு மகாராஜா உத்தரவு போட்டார். "இவளுக்கு மொட்டை அடித்து, பொழுது சாய்வதற்குள் நாடு கடத்துங்கள். அந்தப் புழுக்களை நெருப்பில் போடுங்கள்."

பூவாயி கும்பிட்டாள். "போகிறேன், சாமி. ஆனால் புழுவை இன்றைக்கு எடுத்தால் இவன் கால் போய்விடும். ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்."

மகாராஜா அதைக் கேட்கும் நிலையில் இல்லை. பாதிப்பொங்கல் இன்னும் உள்ளே இருந்தது.

கூடவே வந்த பிச்சாண்டி தொண்டையைக் கனைத்தார். அரசவையில் அவருக்குத் தனியாக ஒரு வேலையும் கிடையாது. மகாராஜாவிடம் குறுக்குக் கேள்வி கேட்பதே வேலை.

"உத்தரவை எழுதிவிடுகிறேன், மகாராஜா. குற்றம் என்ன என்று போடட்டும்?"

"புண்ணைக் கெடுத்தாள்."

பிச்சாண்டி படுத்திருந்த வீரனைக் கேட்டார். "காய்ச்சல் விட்டு மூன்று நாளாயிற்று, ஐயா. நாற்றமும் போயிற்று," என்றான் அவன். "அந்தப் புழு செத்த சதையை மட்டும்தான் தின்னும், உயிருள்ளதைத் தொடாது" என்றாள் பூவாயி. அதற்கென்று ஒரு பச்சை ஈயைப் பார்த்து வளர்க்கிறாளாம். கண்ட புழுவையும் புண்ணில் விடமாட்டாளாம்.

"அப்படியானால் ஏமாற்றினாள்," என்றார் மகாராஜா.

"எனக்கு முதலிலேயே காட்டிச் சம்மதம் கேட்டார்கள்," என்றான் வீரன்.

"தெய்வக் குற்றம்."

"எந்தத் தெய்வத்துக்கு, மகாராஜா? பெயர் எழுத வேண்டும்."

மகாராஜா யோசித்தார். "ராஜ்யத்துக்கே அவமானம்."

"வெளியே யாரும் பார்க்கவில்லையே."

மகாராஜாவின் முகம் சிவந்தது. "காரணமெல்லாம் எனக்குத் தெரியாது. தப்பென்றால் தப்புதான். இதைத் தொடுகிறவள் நல்லவளாக இருக்க மாட்டாள்."

"இதுதான் உண்மையான காரணம்," என்றார் பிச்சாண்டி. "தீர்ப்பு முதலில் வந்துவிட்டது. நாம்தான் இவ்வளவு நேரம் அதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தோம். போகட்டும், தங்கள் மார்பில் என்ன வாசனை?"

"புனுகு. ஏன்?"

"புனுகுப் பூனையின் வாலடியில் சுரண்டி எடுப்பது."

மகாராஜா மார்பை மேல்துண்டால் அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

"ஒரு நொடிக்கு முன்னால் மணத்தது இதே புனுகுதான். அதில் ஒன்றும் மாறவில்லை. பூசிக்கொண்ட தாங்களும் கெட்டவராகிவிடவில்லை."

மகாராஜா முறைத்தார். பிச்சாண்டி அவரை வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார்.

"உத்தரவு இருக்கட்டும். வேறொரு வழக்கு இருக்கிறது, அதற்குத் தீர்ப்புச் சொல்லுங்கள். இரண்டு பேரிடம் ஆளுக்குப் பத்து உயிரைக் காப்பாற்றக் கொடுத்தார்கள். ஒருவரிடம் ஒன்பது பேர் பிழைத்தார்கள். மற்றவரிடம் நான்கு பேர்தான் மிச்சம். யாரைப் போகச் சொல்லலாம்?"

"இதில் என்ன கேள்வி? இரண்டாமவரைத்தான்."

"இரண்டாமவர் அழகப்பர். முதலாமவர் பூவாயி."

மகாராஜா பிச்சாண்டி பக்கம் விரலை நீட்டினார். "என்னை ஏமாற்றிவிட்டாய்."

"புழுவையும் சந்தனத்தையும் மட்டும்தான் ஒதுக்கி வைத்தேன், மகாராஜா. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது."

மகாராஜா வேப்பமரத்தைச் சுற்றி நடந்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவதில் நின்றார். "அழகப்பரிடம் பெரிய காயக்காரர்கள் போயிருந்தால்?"

பிச்சாண்டிக்கு முகம் மலர்ந்தது. வந்ததிலிருந்து மகாராஜா கேட்ட முதல் நல்ல கேள்வி அது. "வண்டியிலிருந்து இறக்கிய வரிசைப்படி ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே. யாரும் பொறுக்கி எடுக்கவில்லை."

"அப்படியா? எங்கே அந்த அழகப்பன்? அவனைக் கழுவில் ஏற்றுங்கள்."

"மறுபடியும் பார்த்தீர்களா," என்றார் பிச்சாண்டி. "முன்பு குமட்டல், இப்போது கோபம். தீர்ப்பு மட்டும் அதே வேகம். அவர் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. வாசனை நன்றாக இருந்ததால் புண்ணுக்குள் யாருமே பார்க்கவில்லை, அவ்வளவுதான்."

மகாராஜா இன்னும் இரண்டு சுற்று நடந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். பூவாயி இங்கேயே இருப்பாள். அழகப்பரிடம் மிச்சமிருக்கும் நான்கு பேரும் இன்றே அவள் கொட்டகைக்கு வர வேண்டும். அழகப்பரும் கூடவே வந்து புழு விடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதைக் கேட்டு, தன் கொட்டகை வாசலில் நின்ற அழகப்பர் அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். பூவாயி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மகாராஜா வயிற்றைத் தடவிக்கொண்டார். "எல்லாம் புரிகிறது, பிச்சாண்டி. அவள் செய்தது சரிதான். ஆனாலும் நினைத்தால் இன்னும் குமட்டுகிறது."

"குமட்டட்டும், மகாராஜா. ஊசிப்போன சோற்றை அதுதானே தடுக்கிறது? அந்த வேலைக்கு அது நல்ல ஆள்."

"அப்படியானால் நான் போட்ட அந்த உத்தரவை என்ன செய்வது? மொட்டை, நாடு கடத்தல், எல்லாம் வீணா?"

"வீணாக்க வேண்டாம். பெயரை மட்டும் மாற்றிவிடலாம். தங்கள் வயிற்றையே நாடு கடத்திவிடுவோம். சாப்பாட்டு மணி அடித்ததும் அதுவே திரும்பி வந்துவிடும்."

மகாராஜா சிரித்த சிரிப்பில் மீதிப்பொங்கலும் வெளியே வந்துவிட்டது.