பத்து நொடிப் பாட்டு

மார்ச் 4, காலை பத்து மணி. அன்று வந்தவை மொத்தமே ஒன்பது ஆர்டர்கள். அவற்றை வீடு வீடாகக் கொண்டுபோக வேண்டியவள் தவமணி. நாளுக்கு முப்பதை எட்டாவிட்டால் டெலிவரியை நிறுத்திவிடுவதாக செல்லையா மளிகை முதலாளி சொல்லியிருந்தார். நின்றால் அவள் வேலையும் போகும்.

டெலிவரி வண்டியின் ஸ்பீக்கருக்குப் பாட்டெழுத விளம்பரக் கவிஞர் மதிவேந்தன் வந்தார். “அமுதசுரபியே, அகமகிழ் அங்காடியே” என்று அவர் பாட, முதலாளி வாய்பிளந்து நின்றார்.

“ஐயா, வண்டி ஒரு வீட்டைத் தாண்ட பத்து நொடிதான்,” என்றாள் தவமணி. “முதல் வீட்டுக்கு அமுதசுரபி, மூணாவது வீட்டுக்குக் கடைப் பேரு, ஆறாவது வீட்டுக்கு நம்பர். யாருங்க ஆர்டர் போடுவாங்க?”

“என் மெட்டு மாறாம பத்து நொடியில அடக்கு பார்ப்போம்!” என்றார் கவிஞர்.

அவள் தராசுத் தட்டில் தாளம் போட்டாள்.

“உப்பு புளி பருப்பு வேணுமா?
உட்கார்ந்த இடத்துக்கே வரணுமா?
ரெண்டு நாலு ரெண்டு நாலு அஞ்சு ஆறு
செல்லையா கடையைக் கூப்பிட்டுப் பாரு!”

“இதெல்லாம் பாட்டா?” என்றார் கவிஞர்.

“இருக்கட்டும் ஐயா, டீ குடிங்க.” டம்ளர் காலியானதும் கேட்டாள்: “கடை நம்பர் என்னங்க?”

ஒரு மாதமாகச் சீட்டைப் பார்த்தே கடைக்குப் போன் செய்த கவிஞர், டம்ளரில் தாளம் தட்டி, “ரெண்டு நாலு ரெண்டு நாலு அஞ்சு ஆறு” என்று பாடியே சொன்னார். சொல்லிவிட்டுத் தன் விரலையே பிரமிப்போடு பார்த்தார்.

ஜூன் 17 அன்று, தவமணியின் பாட்டு ஒலிக்க, கடைக்கு இரண்டாவது டெலிவரி வண்டி வந்தது.