விதைநெல் வாசலில் உட்கார்ந்தவர்

மருங்காபுரி என்று ஒரு நாடு. அதை ஆண்ட விசயகண்டனுக்கு நல்ல மனசு. நல்ல மனசுள்ள ராஜாக்களிடம்தான் குடிகள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஏனென்றால் அவர்கள் அடிக்கடி உத்தரவு போடுவார்கள்.

முந்தின வருஷம் மழை இல்லை. இந்த வருஷம் நல்ல மழை; விதைக்கத்தான் நெல் இல்லை. ராஜா உத்தரவு போட்டார். "நிலத்தில் இறங்கி உழுகிற ஏழைக்கெல்லாம் அரண்மனைக் கிடங்கிலிருந்து விதைநெல். வசதி உள்ளவனுக்கு ஒரு மணிகூடப் போகக் கூடாது. தப்பான ஆளுக்குக் கொடுத்தால், கொடுத்தவன் முதுகில் சவுக்கு!" சபையே கைதட்டியது.

இந்த உத்தரவு அரண்மனையிலிருந்து இறங்கி இறங்கி, கடைசியில் இருளப்பன் தலையில் வந்து உட்கார்ந்தது. இருளப்பன் கிடங்கு வாசலில் நெல் அளப்பவன். எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை. எவன் ஏழை, எவன் வசதி? நெற்றியிலா எழுதியிருக்கிறது? விசாரித்துக்கொண்டிருந்தால் நெல் கிடங்கிலேயே முளைத்துவிடும். இருளப்பன் ஒரு வழி கண்டுபிடித்தான். "காலைக் காட்டு" என்பான். குதிகால் வெடித்திருந்தால் உழுகிறவன், நெல் உண்டு. வழுவழுவென்றிருந்தால், "நாளைக்கு வா."

நம் ஜனங்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? வரிசைக்கு வருமுன் கருங்கல்லில் காலைத் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். பெரிய பண்ணைக்காரர் தன் வேலையாட்களை அனுப்பினார். அத்தனை பேருக்கும் அசல் வெடிப்பு. நெல் மூட்டைகள் நேரே பண்ணைக்குப் போயின.

பேச்சியம்மாள் என்று ஒருத்தி. புருஷன் இல்லை, கையகல வயல். காய்ச்சலில் வெகுநாள் பாயோடு கிடந்து எழுந்தவள். படுத்தே கிடந்ததில் பாதம் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. இருளப்பன் காலைப் பார்த்தான். "நாளைக்கு வா" என்றான். மறுநாளும் அதேதான். மண்ணில் ஈரம் காய்ந்துகொண்டு வந்தது. அது போனால் அவளுக்கு அந்த வருஷச் சோறு போச்சு.

அவள் அரண்மனை வாசலில் நின்று கத்திய கத்தல் ஏகாம்பரத்தின் காதில் விழுந்தது. ஏகாம்பரம் ராஜசபையில் இருந்தவர். என்ன பதவி என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வாய்தான் பதவி. விஷயத்தை ராஜாவிடம் சொன்னார்.

மந்திரி பெரியநாயகம் துள்ளினார். "அரசர் உத்தரவு பொன்னானது! வாசலில் இருப்பவன்தான் அயோக்கியன். அவனைத் துரத்துங்கள்."

"துரத்தலாம்," என்றார் ஏகாம்பரம். "ஆனால் நாளைக் காலை வாசலில் யார் உட்காருவது? நல்ல மனசுள்ளவர் யாராவது..."

"நானே உட்காருகிறேன்!" என்றார் ராஜா. "மாறுவேஷத்தில். எப்படிக் கொடுப்பது என்று காட்டுகிறேன்."

காலையில் சாதாரண வேட்டி, தலைப்பாகையோடு உட்கார்ந்தார். முதலில் வந்த கிழவரை அன்பாக விசாரித்தார். கிழவர் தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையிலிருந்து ஆரம்பித்தார். அடுத்தவன், அடுத்தவன்... வெயில் ஏறியது. வரிசை நகரவில்லை. "யோவ், தூங்குறியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ராஜாவை வாழ்நாளில் யாரும் யோவ் என்றதில்லை.

பிறகு ராஜா கேள்விகளைக் குறைத்தார். அப்புறம் கேட்பதையே நிறுத்தினார். அழுதவர்களுக்கு மட்டும் நெல் போட்டார். உண்மையான கஷ்டம் என்றால் கண்ணீர் வராதா? அவருக்கு அது நியாயமாகவே பட்டது. கொஞ்ச நேரத்தில் வரிசையின் பின்பகுதியில் எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள்.

பொழுது சாய்கிற நேரம் பேச்சியம்மாள் வந்தாள். அழவில்லை. அழுது தீர்த்துவிட்டாள், பாவம். "நெல்லுக்கு வந்தேன் சாமி" என்றாள்.

ராஜா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாளைக்கு வா."

மறுநாள் சபை கூடியது. மந்திரி எழுந்தார். "அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பியவனுக்கு மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி, எல்லையில் விட வேண்டும்!"

"ரொம்ப சரி," என்றார் ஏகாம்பரம். வாசலில் மறுபடி கத்திக்கொண்டிருந்த பேச்சியம்மாளை உள்ளே அழைத்தார். "அம்மா, கடைசியாக உன்னைத் திருப்பி அனுப்பியது யார்? பயப்படாமல் காட்டு."

அவள் ஓரமாக நிறுத்தப்பட்டிருந்த இருளப்பனைப் பார்த்தாள். அவனைத் தாண்டி, சிம்மாசனத்தைப் பார்த்தாள். "அதோ அந்த ஐயாதான்."

மந்திரி உட்கார்ந்துவிட்டார். உட்கார நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஏன் மந்திரியாரே," என்றார் ராஜா, "கழுதை எங்கே?"

"அதற்கு... இன்றைக்கு உடம்பு சரியில்லை அரசே."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து இருளப்பனைக் கூப்பிட்டார். "நீ ஏனப்பா எல்லாரையும் நாளைக்கு வா என்கிறாய்? நான் களைப்பில் சொன்னேன்."

"தப்பாகக் கொடுத்தால் சவுக்கு சாமி," என்றான் இருளப்பன். "கொடுக்காமல் விட்டால் ஒருத்தரும் கேட்கிறதில்லை. எனக்கு இருப்பது ஒரே முதுகு."

உத்தரவு மாறியது. சவுக்கு போச்சு. சந்தேகம் வந்தால் கொடு, திருப்பி அனுப்பினால் காரணம் சொல் என்றானது. ஊருக்கு ஊர் தனி வாசல். எந்த வயலில் யார் இறங்குகிறார் என்று தெரிந்த அந்த ஊர் நீர்பாய்ச்சி, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவன், நெல் அளப்பவன் பக்கத்தில் உட்கார வேண்டும். பேச்சியம்மாள் இதையெல்லாம் கேட்க நிற்கவில்லை. அவளுக்கு முதல் மூட்டை அளந்தாகிவிட்டது. ஈரம் இருக்கும்போதே விதைக்க ஓடிவிட்டாள்.

"ஏகாம்பரம்," என்றார் ராஜா சந்தோஷமாக, "பொன் வேண்டுமா, கிராமம் வேண்டுமா? கேள்!"

ஏகாம்பரம் கைகூப்பினார். "ஒன்றும் வேண்டாம் அரசே. இத்தனை வாசல் திறக்கிறீர்கள். எதிலும் என்னை மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள்."