காலையில் போட்ட தூள்

பகலெல்லாம் டீக்கடையில் கிளாஸ் கழுவி டீ ஆற்றும் மாரிச்செல்வம், இரவுப் பள்ளியில் தூங்கி விழுந்தான்.

"நாளைக்கும் என் வகுப்புல தூங்கினா ரிஜிஸ்டர்லருந்து பேரை எடுத்துருவேன்!" என்று, பழுப்பேறிய நோட்ஸைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் வாத்தியார் உறுமினார்.

மறுநாள் சாயங்காலம் அவரே கடைக்கு வந்தார். "ஸ்ட்ராங்கா ஒரு டீ போடுறா. ராத்திரி வகுப்புல எனக்குத் தூக்கம் வரக்கூடாது."

வடிகட்டித் துணியில் கிடந்த காலைத் தூள்மேலேயே வெந்நீர் ஊற்றி, பால் சேர்த்து, கையை உயரத் தூக்கி ஆற்றி, நுரை ததும்ப நீட்டினான்.

வாத்தியார் துப்பினார். "சாயமே இறங்கலையேடா!"

"காலையில இருந்து அதே தூள் சார். எவ்வளவு உசரத் தூக்கி ஆத்தினாலும் நுரைதான் வரும், உங்க பத்து வருசத்து நோட்ஸ் மாதிரி."

கடையே சிரித்தது.

அன்று ராத்திரி வாத்தியார் நோட்ஸைத் தொடாமல் பாடம் நடத்தினார். பிள்ளைகள் யாரும் தூங்கவில்லை. டீ குடிக்காத வாத்தியார்தான் கொட்டாவி விட்டார்.