கும்பிட்ட கையும் ஜாங்கிரிப் பாகும்

மணல்மேல்பாளையத்தை ஆண்ட செண்பகப் பூபதிக்கு மூளையைவிட மூக்கின் மேல் கோபம் அதிகம். அவருடைய அரண்மனை அதிகாரி அனந்தகோடிக்கோ இரண்டும் கிடையாது. முதுகு மட்டும் உண்டு. ராஜா தும்மினால்கூட அது வளைந்துவிடும்.

ஒரு நாள் பக்கத்துப் பாளையத்து ராஜா, பெண் பார்க்கும் பேச்சோடு விருந்துக்கு வந்தார். பெரிய பித்தளைத் தட்டில் இனிப்பு வந்தது. பட்டுத் துணியை விலக்கி மூடியைத் தூக்கினால், உள்ளே ஜாங்கிரியும் பாதுஷாவும் லட்டும் சந்திரகலாவும் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. அனந்தகோடி கத்தியை எடுத்து வெட்டிப் பரிமாறினார்.

விருந்தாளி உதட்டைப் பிதுக்கினார். "உங்கள் ஊரில் இனிப்புக்கு ஒரே உருவம்தானா?"

அவர் போன பிறகு செண்பகப் பூபதி குதித்தார். "யார் செய்த வேலை இது?"

"மடைப்பள்ளி செங்கமலம்தான் மகாராஜா! அவளுக்குப் பாகு வைக்கத் தெரியவில்லை" என்றார் அனந்தகோடி.

"இனிப்பை ஒட்ட வைத்தவர் இந்த ஊரில் இருக்கக்கூடாது. நாளையே வெளியேற வேண்டும்!"

செங்கமலம் அழவில்லை. "ஆறட்டும், அடுக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். யார் கேட்டாங்க?" என்றாள். அதையும் யாரும் கேட்கவில்லை.

ஒருவர் மட்டும் கேட்டார். அரசவை விகடகவி திருமேனி. சாப்பாட்டுப் பிரியர். மடைப்பள்ளி வாசலிலேயே பாதி நாள் நிற்பவர். செங்கமலம் போய்விட்டால் அனந்தகோடி கொண்டுவரும் ஆளின் சமையலைத்தான் சாகும்வரை தின்ன வேண்டும் என்று நினைத்ததும் நேரே ராஜா முன்னால் போய் நின்றார்.

"மகாராஜா, நாளைக் காலை வரை பொறுங்கள். சபையிலேயே அடுப்பு மூட்டுவோம். ஒரே சட்டி, ஒரே பாகு. அதில் பாதி இனிப்பை அதிகாரியார் தம் முறைப்படி தட்டில் வைக்கட்டும். மீதியை நான் வைக்கிறேன். இவ்வளவு பெரியவர் முறை எப்படி என்று சபையும் கற்றுக்கொள்ளட்டுமே!"

'பெரியவர்' என்ற சொல் அனந்தகோடியின் காதில் தேனாய்ப் பாய்ந்தது. சரி என்று தலையாட்டிவிட்டார்.

மறுநாள் செங்கமலம் பாகு காய்ச்சினாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தொட்டு இழுத்தாள். ஒற்றைக் கம்பி நின்றது. இன்னும் முறுகினால் பாகு பூத்து வெள்ளை தட்டும். இளகினால் பண்டம் ஊறிச் சொதசொதக்கும். பூக்காமல் இருக்கச் சில துளி எலுமிச்சம்சாறு பிழிந்தாள். நெய்யில் வெந்த ஜாங்கிரியைச் சூடாகவே வெதுவெதுப்பான பாகில் அமிழ்த்தித் திருப்பினாள். பாதுஷாவும் சந்திரகலாவும் அதே பாகில் குளித்தன. லட்டு பக்கத்தில் தனியாக இருந்தது.

"சூடு ஆறுமுன் கொடு!" என்று அனந்தகோடி பாய்ந்தார். பாகு சொட்டச் சொட்ட வாங்கினார். கோபுரம்போல ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். லட்டைச் சந்துகளில் திணித்தார். மூடியைக் கவிழ்த்து, மேலே பட்டுத் துணியையும் போர்த்தினார். "ராஜ மரியாதை என்றால் இதுதான்!" என்று மார்தட்டினார்.

திருமேனி அவசரப்படவில்லை. தன் பங்கை மூங்கில் தட்டியில் பரப்பினார். மிஞ்சிய பாகு கீழே சொட்டி வடிந்தது. மேலே மெல்லிய பூச்சு மட்டும் தங்கி மினுமினுத்தது. நன்றாக ஆறிய பிறகு, ஈரமில்லாமல் துடைத்து லேசாக நெய் தடவிய பித்தளைத் தட்டில் விரல் இடைவெளி விட்டு வைத்தார். நடுவில் ஜாங்கிரிப் பூக்கள். சுற்றிலும் குழி விழுந்த பாதுஷா. அதற்கு வெளியே ஓரம் மடித்த பிறைகளாகச் சந்திரகலா. பாகு படாதபடி விளிம்பில் லட்டு. மூடவில்லை. விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்.

ராஜா முதலில் திருமேனியின் தட்டில் கை வைத்தார். ஜாங்கிரி தனியாக வந்தது. ஓர் இழைகூட உடையவில்லை. வாயில் போட்டார். முகம் மலர்ந்தது.

பிறகு மற்ற மூடியைத் திறந்தார். உள்பக்கமெல்லாம் ஆவி முத்து முத்தாய்க் கோத்திருந்தது. அது சொட்டிப் பாகு கரைந்து, எல்லாவற்றுக்கும் நடுவே இறங்கியிருந்தது. உச்சியில் இருந்த பாதுஷாவை இழுத்தார். ஜாங்கிரி, லட்டு, சந்திரகலா எல்லாம் குடும்பத்தோடு கிளம்பி வந்தன. தட்டும் கூடவே எழுந்தது!

சபை கொல்லென்று சிரித்தது.

"பாகு... அவள் பாகுதான்..." என்று அனந்தகோடி குழறினார்.

"இரண்டும் ஒரே சட்டிப் பாகு. நேற்று அடுக்கி மூடியதும் இதே கைதானே?" என்றார் திருமேனி.

அதிகாரியின் தலை குனிந்தது.

"செங்கமலம் இங்கேயே இருப்பாள்" என்றார் ராஜா, அவள் முகத்தைப் பார்க்கக் கூசியபடி. "இவரை ஊரைவிட்டு விரட்டட்டுமா, திருமேனி?"

"பாவம் மகாராஜா, எந்த ஊர் இவரை ஏற்கும்? உருவம் கெடாமல் இந்தக் கட்டியைப் பிரித்துத் தரட்டும். அதுவரை பதவியில் உட்காரவேண்டாம்."

அனந்தகோடி தரையில் அமர்ந்து பிய்த்தார். லட்டு உதிர்ந்தது. ஜாங்கிரி நொறுங்கியது. முழங்கைவரை பாகு வழிந்து, காற்றில் இறுகத் தொடங்கியது. முடியவில்லை. "மன்னிக்கணும் மகாராஜா!" என்று அலறியபடி இரு கைகளையும் கூப்பினார்.

கூப்பிய கை பிரியவில்லை. இழுத்துப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார். ஒட்டியது ஒட்டியதுதான்.

"வெந்நீர் கொண்டுவாருங்கள்!" என்றார் ராஜா, சிரிப்பை அடக்க முடியாமல்.

திருமேனி கை அமர்த்தினார்.

"கொஞ்சம் பொறுங்கள் மகாராஜா. இத்தனை வருஷமாக உங்களைக் கும்பிடுகிறார். ஒட்டுதலோடு கும்பிட்டது இன்றைக்குத்தான்!"