கல்லுக்குக் கை கொடுத்தவள்

ஆவுடையம்மாளுக்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடந்தாள். உளுந்து ஊறிவிட்டது. மத்தியானம் கரெண்ட் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். கிரைண்டரோ சுவிட்சைப் போட்டால் 'உம்'மென்று இரைந்ததே தவிர, கல் சுற்றவில்லை.

நாளைக்கு அவள் வீட்டுக்காரரின் நினைவு நாள். காலையில் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் இட்லி. அதுகூடப் பெரிய கவலையில்லை. அடுத்த தெருவில் தனிக்குடித்தனம் இருக்கும் மருமகள் பூரணம் நாளைக்கு வருவாளா என்பதுதான் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. சித்திரையில் இதே கிரைண்டரை வைத்துத்தான் வாய்ச்சண்டை. "இந்தப் பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம் அத்தை" என்றாள் பூரணம். "உங்கப்பன் வீட்டுலருந்து கொண்டாந்து வையி" என்றாள் இவள். அன்றோடு பேச்சு நின்றது.

பேரன் சுடலைமணி கருவிப் பையோடு வந்தான். பூரணத்தின் மகன், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறையில் வேலை. ஆச்சி சுவிட்சைத் தட்டியதைப் பார்த்ததும் பாய்ந்து வந்து பிளக்கைப் பிடுங்கினான்.

"சுத்தாம இரைஞ்சா உள்ள கம்பிக் காயில் கருகிரும் ஆச்சி. எத்தன தடவ போட்டிய?"

"நாலஞ்சு தடவ. கெதியா பாருல, கரெண்ட் போயிரும்."

அவன் கல்லில் கிடந்த உளுந்தை வழித்து, குழவியைத் தூக்கி ஓரமாக வைத்தான். கீழ்த் தகட்டைக் கழற்றி பெல்ட்டை எடுத்தான். பிறகு கல்லைக் கையால் சுற்றினான். லேசாகச் சுற்றியது. மோட்டாரின் சின்னச் சக்கரத்தையும் விரலால் சுண்டினான். அதுவும் சுற்றியது.

"ரெண்டும் எங்கயும் பிடிக்கல," என்றான்.

"பெறவு என்ன கேடு? மோட்டாரு செத்துப்போச்சா?"

அவன் மௌனச் சாமி தட்சிணாமூர்த்தி மாதிரி உட்கார்ந்து, சக்கரத்தில் ஒரு நூல் கயிற்றைச் சுற்றினான். ஆச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று திட்ட நினைத்தாள்.

"பிளக்கச் சொருகிட்டேன். நான் கயித்த இழுப்பேன். சக்கரம் சுத்தையிலயே சுவிட்சப் போடுங்க."

இழுத்தான். போட்டாள். மோட்டார் விறுவிறுவென்று வேகம் பிடித்து ஓடியது.

"ஓடுதுல்லா!" என்று கத்திவிட்டாள்.

அணைத்து, நின்றபின் கயிற்றை எதிர்ப்பக்கமாகச் சுற்றி இழுத்தான். இந்த முறை மோட்டார் அந்தப் பக்கமே ஓடியது.

"இதென்னல கூத்து?"

"எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் ஓடும். ஓட்டத்துல கொறையில்ல. தானா கிளம்பத்தான் முடியல. கிளப்பிவிடுதது கெப்பாசிட்டர், அது போயிட்டு." அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஆச்சி, இது ஒரே நாள்ல போகாது. இத்தன நாளா கல்லக் கையால தள்ளிவிட்டியளோ?"

ஆவுடையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஆமா. ஒரு தள்ளு தள்ளினா போயிரும். இப்போ தோள் வலி, ஏலல. சொன்னா உங்கம்மா சொன்னதுதான் சரின்னு ஆயிரும்லா."

அவன் சிரிக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். பழைய கெப்பாசிட்டரின் இரண்டு முனையையும் ஒரு பல்போடு சேர்த்து, மிச்சமிருந்த மின்சாரத்தை வடித்தான். பையிலிருந்து அதே அளவில் புதுசை எடுத்து மாட்டினான். பெல்ட்டைப் போட்டு, மோட்டாரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, நட்டை முறுக்கினான். விரலால் அழுத்தியதும் பெல்ட் சற்றே அமுங்கியது. அது போதும் என்றான்.

தகட்டை மூடிச் சுவிட்சைப் போட்டதும் கல் தானாகவே கிளம்பியது. குழவியை வைத்து, உளுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தண்ணீர் தெளித்தாள். மாவு நுரைத்து மேலே வந்தது. அவளுக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது. ஆனாலும் கண் வாசலுக்கே போயிற்று.

"ஏல, நாளைக்கு உங்கம்மா வருவாளா?"

"தெரியல ஆச்சி."

"வந்து ஒரு வார்த்த பேசட்டுமே, நான் பேசாமலா இருப்பேன்? மனசுல ஒண்ணும் வச்சுக்கிடல."

"அம்மையும் இதத்தான் சொல்லுதா."

ஆச்சி மாவை ஒதுக்கிவிட்டாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவள் கையிலிருந்த செம்பை வாங்கினான்.

"நான் தண்ணி தெளிச்சுப் பாத்துக்கிடுதேன். நீங்க அம்மைய ஒரு எட்டு பாத்துட்டு வாங்க."

"போயி என்னன்னு கேக்க?"

"இட்லி மாவுக்கு உப்பு எம்புட்டுப் போடணும்னு கேளுங்க."

"நாப்பது வருசமா மாவு ஆட்டுதேன். எனக்குத் தெரியாதாக்கும்?"

"உங்களுக்குத் தெரியும்னு அம்மைக்கும் தெரியும் ஆச்சி. போய்க் கேளுங்க."